கடைசி பெஞ்சுக்கும் தெரியும் எழுத்து

சுடலைச்செல்வி மொழிபெயர்த்த ஸ்லைடுகளில் ஒரு எழுத்துகூடப் பெட்டியை விட்டு வெளியே வழியவில்லை. அந்தப் பெருமையோடுதான் காலையில் யார்டுக்குள் நுழைந்தாள். டீ வருவதற்குள் அந்தப் பெருமை சந்தி சிரித்துவிட்டது.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில், ஒரு பக்கம் உப்பளமும் மறுபக்கம் லாரி வரிசையுமாக இருக்கும் இடத்தில் அந்த யார்டு. காற்றாலை இறக்கைகளைக் கப்பலில் ஏற்றும்வரை போட்டு வைக்கிற இடம். ஒவ்வொரு இறக்கையும் ஒரு தெரு நீளம். ஆட்கள் அதை இறக்கை என்று சொல்வதில்லை, பிளேடு என்பார்கள். இந்தத் தடவை வந்திருப்பவை முன்னைவிட நீளமானவை. ஒரு கிரேன் போதாது, ரெண்டு கிரேன் ஒன்றாகச் சேர்ந்து தூக்கி டிரெய்லரில் வைக்க வேண்டும். அதற்குப் புது முறை, புதுப் பயிற்சி, ஒரு பரீட்சை. யார்டில் சுமை தூக்கும் கேங்கில் உள்ளவர்கள் பரீட்சையில் தேறினால் வேலை அவர்களுக்கு. இல்லையென்றால் வேறு துறைமுகத்திலிருந்து ஒரு கேங்கைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. மறுநாள் கப்பல்.

பயிற்சி ஸ்லைடுகள் இங்கிலீஷில் வந்தன. தமிழாக்கும் வேலை செல்விக்கு. மில்லர்புரத்தில் ஒரு மாடியறையில் அவளும் ஜீவமணியும் சேர்ந்து மொழிபெயர்ப்பும் டிடிபியும் செய்கிறார்கள். இவள் எழுதுவாள், ஜீவமணி அதைப் பக்கங்களில் அடுக்குவான். இவளைவிட மூத்தவன், வாய் ஓயாதவன். எந்த எழுத்தையும் எந்த இடத்திலும் உட்கார வைத்துவிடுவேன் என்று மார் தட்டுகிறவன்.

காலை வகுப்பு நடந்தது ஒரு பழைய கண்டெய்னரில். ஜன்னல் வெட்டி, ஏசி மாட்டி, பெஞ்சு போட்ட கண்டெய்னர். ஒரு முனையில் சின்னத் திரை, மறு முனைவரை பெஞ்சுகள். கேங்கின் மேஸ்திரி சங்கரலிங்கமும் அவர் ஆட்களும் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி அதிகாரி அபிலாஷ், நாசரேத்துப் பையன், ஒவ்வொரு ஸ்லைடாகத் தள்ளி, "புரிஞ்சுதா?" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். "புரியாதது ஏதும் உண்டா?" இல்லை என்றும் தலையாட்டினார்கள். பிறகு பரீட்சைத் தாள் கொடுத்தான். பாதிக்கு மேல் தப்பு. "தூக்கும்போது நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு?" என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லாருமே "சைகை காட்டுபவருக்கு மட்டும்" என்று பழைய வழக்கத்தை டிக் அடித்திருந்தார்கள். அதுதான் புது முறையில் மாறிய முக்கியமான விஷயம்.

அபிலாஷ் முகம் செத்துப்போனது. "சாப்பாட்டுக்கு அப்புறம் வேலையைச் சரிபார்க்குற சர்வேயர் வாராரு. அவர் முன்னால இன்னொரு வாட்டி கிளாஸ், இன்னொரு வாட்டி டெஸ்ட். அதுலயும் இப்படின்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது." செல்வி பக்கம் திரும்பினான். "அக்கா, தமிழ் ரொம்பக் கஷ்டமா இருக்கோ?"

அவளுக்குச் சுருக்கென்றது. தமிழ் எளிதாகத்தான் இருந்தது.

வெளியே டீ கேன் வந்திருந்தது. ஆட்கள் பிளேடு நிழலில் குந்தியிருந்தார்கள். சங்கரலிங்கம் டம்ளரோடு தனியாக நின்றார். முத்தையாபுரத்துக்காரர், இவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. நேரே போய்க் கேட்டாள்.

"அண்ணாச்சி, நான் எழுதுனது புரியலியா?"

"என்ன எழுதிருக்கன்னு தெரிஞ்சாத்தானளா புரியுதா புரியலியான்னு சொல்ல முடியும்?"

"அப்படின்னா?"

"எறும்பு ஊருத மாதிரி இருக்கு. தலைப்பு தெரியுது, கம்பெனி மார்க்கு தெரியுது. மத்ததெல்லாம் எறும்பு."

"ஏன் அண்ணாச்சி சொல்லலை? அவர்தான் எத்தனை தடவை கேட்டாரு!"

சங்கரலிங்கம் டீயை ஊதினார். "தெரியலன்னு சொன்னா எழுத்தையா குறை சொல்லுவான்? கண்ணைக் குறை சொல்லுவான். கண்ணாஸ்பத்திரிக்கு ஓட்டுவான். அங்கன கண்ணு சரியில்லன்னு ஒரு தாளு குடுப்பான். அத்தோட கேட் பாஸ் போச்சு. போன வருசம் ஒருத்தன் போர்டு தெரியலன்னு வாய விட்டான். இப்ப கல்யாண மண்டபத்துல வாட்ச்மேன். அந்தக் கொட்டாய்க்குள்ள எவனும் தெரியலன்னு சொல்ல மாட்டாம்ளா. செத்தாலும் சொல்ல மாட்டான்."

செல்விக்கு அப்பா ஞாபகம் வந்தது. உப்பளத்தில் வேலை பார்த்தவர். வெள்ளையாய் எரிகிற பாத்தியைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போன பிறகும், கங்காணி எதைக் காட்டி எதைக் கேட்டாலும் "தெரியுது, தெரியுது" என்று தலையாட்டிக்கொண்டே ரெண்டு வருஷம் ஓட்டினவர். அதே தலையாட்டல்தான். காலையில் கண் முன்னால் நடந்தும் அவள் அடையாளம் காணவில்லை.

கண்டெய்னருக்குள் போனாள். லேப்டாப்போடு ஜீவமணி மட்டும் இருந்தான். திரையில் கடைசி ஸ்லைடு அப்படியே நின்றது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கும் எறும்புதான் தெரிந்தது.

"ஜீவமணி அண்ணே! அந்த வலது பக்கப் பெட்டியில எழுத்து எத்தனை சைஸ்னு பாருங்க."

ஜீவமணி லேப்டாப்பில் அதன் மேல் கிளிக் செய்தான். எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கிளிக் செய்தான். "ஒம்போது. இங்கிலீஷ்ல இருபத்திநாலு."

நடந்தது இதுதான். தலைமை ஆபீஸ் போட்ட நிபந்தனை மூன்று. பெட்டி எதையும் நகர்த்தக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொன்றிலிருந்தும் கிரேன் படத்துக்கு ஒரு அம்பு போகிறது. ஸ்லைடு எண்ணிக்கை கூடக் கூடாது, ஏனென்றால் சர்வேயர் இங்கிலீஷ் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு எண் பார்த்துத் தொடர்ந்து வருவார். ஒரு சொல் விடுபடக் கூடாது. இங்கிலீஷில் ஒரு வரி இருந்த இடத்தில் தமிழில் மூன்று வரி வந்து நின்றது. மொழிபெயர்ப்பு மென்பொருளிலிருந்து எடுத்த கோப்பைத் திறந்தபோது எல்லாம் பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் கம்பெனி கொடுத்த டெம்ப்ளேட்டில் எழுத்து நிரம்பினால் தானாகச் சுருக்கிக்கொள்ளும் வசதி போட்டிருந்தார்கள். ஜீவமணி ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டு ஒரு ஸ்பேஸ் தட்டியதும் எழுத்து சுருங்கி உள்ளே போய்ப் பதவிசாக உட்கார்ந்துகொண்டது. பார்க்க அழகாக இருந்தது. மூக்குக்கு நேரே லேப்டாப்பில் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை.

"அடக்கிட்டோம்னு நினைச்சோம்," என்றாள் செல்வி. "அமுக்கிட்டோம்."

அபிலாஷ் வந்தான். அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் நம்பவில்லை.

"நல்லாத் தெரியுதே அக்கா."

"கடைசி பெஞ்சுல உக்காந்து வாசிங்க சார்."

உட்கார்ந்தான். செல்வி ஒரு பெட்டியைக் காட்டினாள். "தூக்கும் சுமைக்குக் கீழே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்," என்று கடகடவென்று சொன்னான். அடுத்ததையும் சொன்னான். அதற்கடுத்ததையும்.

"பாத்தீங்களா?"

செல்வி திரையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது. அவனுக்குத்தான் ஸ்லைடு முழுக்க மனப்பாடமாயிற்றே! ஜீவமணியின் காதில் ஏதோ சொன்னாள். ஜீவமணி திரையை இருட்டாக்கிவிட்டு டொக்டொக்கென்று தட்டினான். திரை திரும்ப வந்தது. அதே பெட்டி, அதே ஒன்பது சைஸ்.

"இதை வாசிங்க சார்."

அபிலாஷ் கண்ணை இடுக்கினான். "அதே ஸ்லைடுதானே. சுமை ஆடாமல் இருக்க கயிற்றை இருபுறமும் பிடித்துக்கொள்ள வேண்டும்."

டீ குடித்துவிட்டு வாசலில் கூடிவிட்ட ஆட்களில் முன்னால் நின்றவன் திரைக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்து உரக்க வாசித்தான். "இன்று மாலை அபிலாஷ் சார் கேங்கில் உள்ள அனைவருக்கும் சொந்தச் செலவில் மட்டன் பிரியாணி வாங்கித் தர ஒப்புக்கொள்கிறார்!"

கண்டெய்னர் அதிர்ந்தது. "ஏலே, சார் சத்தியம் பண்ணிட்டாருலே!" "எழுத்துல இருக்குடே, மாத்த முடியாது!" சங்கரலிங்கம் டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். அபிலாஷ் சிவந்துபோய், பிறகு அவனும் சிரித்துவிட்டான். சிரித்து முடித்ததும்தான் அவனுக்கு உறைத்தது. திரையையும் பெஞ்சுகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப காலைல யாருக்குமே தெரியலையா? ஏன் சொல்லல?"

ஆட்கள் சிரிப்பை அப்படியே முழுங்கினார்கள். தேவகனி என்று ஒருவன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், வாசலை விட்டே நகர்ந்துவிட்டான்.

"அதை அப்புறம் பேசுவோம் சார்," என்றாள் செல்வி. "உங்க கண்ணுக்குத் தெரியாதது இவங்க கண்ணுக்கும் தெரியாது. அவ்வளவுதான். இப்ப இதைத் திரும்பச் செய்யணும்."

"சர்வேயர் வர்றதுக்குள்ளயா?"

"வர்றதுக்குள்ள."

"பெட்டியை நகர்த்த முடியாது அக்கா. ஸ்லைடு கூட்ட முடியாது. சொல்லு விடவும்..."

"தெரியும் சார். ஒண்ணையும் மீற மாட்டேன்."

எப்படி என்று அவளுக்கே அப்போது தெரியாது. ஆனால் உடம்பெல்லாம் சூடு பிடித்திருந்தது. ஜீவமணி விரலைச் சொடக்கினான்.

"அண்ணே, முதல்ல அந்தத் தானாச் சுருங்குறதை எல்லாத்துலயும் அணைங்க. எழுத்தை இருபத்திநாலுல வைங்க. எது எது வழியுதுன்னு பாப்போம். வழியட்டும், பயப்படாதீங்க."

அணைத்தான். அத்தனை பெட்டியிலும் தமிழ் பொங்கி வழிந்தது. அம்புகளின் மேல், கிரேன் படத்தின் மேல், அடிக்கோட்டின் மேல். ஒரு ஸ்லைடில் கம்பெனி மார்க்கே மறைந்துபோனது. "ஏளா, இது வெள்ளம்ளா," என்றான் ஜீவமணி.

"எனக்கு ஒரு யோசனை," என்று அவனே தொடர்ந்தான். "அதே இடத்துல, அதே அளவுல இன்னொரு பெட்டி வைக்கேன். ஒண்ணு மேல ஒண்ணு. ஒரு கிளிக்குக்கு முதல் பாதி வரும், அடுத்த கிளிக்குக்கு அது மறைஞ்சு மறு பாதி வரும். பெட்டி நகரல, ஸ்லைடு கூடல, சொல்லு குறையல. எப்படி?"

செல்வி துள்ளிவிட்டாள். மறு நொடி உட்கார்ந்தாள். "பிரிண்ட் எடுத்தா?"

ஜீவமணி யோசித்தான். "பிரிண்ட் எடுத்தா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா..."

"கறுப்பா அப்பிக்கிடும். சர்வேயர் பிரிண்ட் கேப்பாரு. வேண்டாம்."

பிறகு ஒரு வழிதான் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கே கொஞ்சம் கூசியது, ஏனென்றால் குறை அவள் எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பும் "இரு கிரேன்களால் இறக்கையைத் தூக்கும்போது" என்று உரக்கச் சொல்கிறது. அதற்குக் கீழே ஒவ்வொரு பெட்டியிலும் அவள் திரும்ப "இறக்கையைத் தூக்கும்போது" என்று எழுதியிருந்தாள். விடுபடக் கூடாது என்ற பயத்தில் "வேண்டும்", "பார்த்துக்கொள்ளப்பட வேண்டும்" என்று வால் வாலாக நீட்டியிருந்தாள். யார்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கத்துகிற வேலை அது, மூச்சுப் பிடித்து முழு வாக்கியம் பேசினால் ஆள் செத்துப்போவான்.

"சார்," என்றாள் அபிலாஷிடம், "ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே பேசுறவருக்கு நோட்ஸ் எழுத ஒரு இடம் இருக்கு. நான் எழுதுன முழு வாக்கியம் அத்தனையும் அங்க போகுது. ஒரு சொல்லு குறையாது. நீங்க அதைப் பார்த்து வாயால சொல்லுங்க. பிரிண்ட் எடுக்கும்போது நோட்ஸோட எடுங்க, சர்வேயருக்கு எல்லாம் இருக்கும். பெட்டிக்குள்ள செய்ய வேண்டியது மட்டும். ஒத்துக்கிடுதீங்களா?"

அபிலாஷ் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. இன்னொரு தடவை போட்டான். வெளியே பிளேடைப் பார்த்தான், கேங்கைப் பார்த்தான். போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். "நான் பொறுப்பு. செய்யுங்க."

அதற்கப்புறம் நடந்தது ஒரு ஓட்டம். செல்வி பெட்டியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வாள், ஜீவமணி தட்டுவான்.

"கீழே நிற்காதே."

"உக்காந்துருச்சு."

"கயிற்றை விடாதே. ரெண்டு பக்கமும்."

"கடைசி வரி இடிக்குது."

"ரெண்டு பக்கமும்னு முதல்ல போடுங்க, அடுத்த வரில கயிறு."

"உக்காந்துருச்சு! அடுத்தது!"

பாதியில் வேறொரு வம்பு வந்தது. ஒரு வரியின் "கு", "டு" எழுத்துகளின் சுழி அடுத்த வரியின் "கி", "தீ" தலையில் போய் முட்டியது. இங்கிலீஷ் எழுத்துக்கென்று வரி இடைவெளியை டெம்ப்ளேட்டில் இத்தனை என்று கட்டி வைத்திருந்தார்கள். தமிழுக்கு மேலேயும் கொக்கி, கீழேயும் சுழி. ஜீவமணி அந்தக் கட்டை அவிழ்த்து எழுத்தின் உயரத்துக்கு ஏற்ப விட்டான். வரி உயர்ந்தது, மறுபடி வழிந்தது. பெட்டியின் உள் விளிம்பில் நாலு பக்கமும் சும்மா விட்டிருந்த இடத்தைக் குறைத்தான். வெளியே பெட்டி அதே அளவு, உள்ளே இடம் கூடியது. "வாடகை வீட்டுல செவுத்தை இடிக்காம அலமாரியை எடுத்துட்டேன்," என்றான். பருத்த எழுத்துருவை மாற்றி ஒல்லியாக, ஆனால் தெளிவாக இருக்கிற ஒன்றைப் போட்டான். "இந்த எழுத்துரு அபிலாஷ் சார் கிளாஸ் எடுக்குற கம்ப்யூட்டர்ல இருக்கா?" என்று செல்வி கேட்டாள். இல்லை. இல்லாத எழுத்துருவுக்குப் பதில் அது வேறொன்றைப் போட்டுக்கொள்ளும், எல்லாம் திரும்ப வழியும். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துச் சேமித்தான்.

கைச் சைகை அட்டவணை அடுத்த தலைவலி. அட்டவணையில் எழுத்து சுருங்காது, கட்டம் உயரும். ஒரு கட்டம் உயர உயர கடைசிக் கட்டம் ஸ்லைடுக்குக் கீழே, திரைக்கு வெளியே விழுந்துவிட்டது. "சுமையை மெதுவாக மேல்நோக்கி உயர்த்தவும்" என்று எழுதியிருந்ததைச் செல்வி அழித்தாள். வெளியே யார்டில் யாரோ கிரேன்காரனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். அவள் ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். "அவன் சொல்லுதான் பாருங்க, அதையே போடுங்க."

"மெல்ல ஏத்து," என்று தட்டினான் ஜீவமணி. "மெல்ல இறக்கு." கடைசிக் கட்டம் திரைக்குள் ஏறி வந்தது.

ஒவ்வொரு ஸ்லைடு முடிந்ததும் செல்வி ஓடிப்போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாள். திரும்ப ஓடி வருவாள். அபிலாஷும் ஓட ஆரம்பித்தான். மதியச் சாப்பாடு பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

கடைசியாக நின்றது அந்தச் சிவப்பு வட்டம். நடுவில், கிரேன் படத்தின் இதயத்தில், ஒரு சின்ன வட்டம். இங்கிலீஷில் ரெண்டே சொல். யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று பொருள். காலையில் எல்லாரும் தப்பாகப் போட்ட கேள்வி இதுதான். செல்வி "பணியில் உள்ள எவரும் நிறுத்தச் சைகை அளிக்கலாம்" என்று எழுதி ஏழு சைஸில் அமுக்கியிருந்தாள்.

"யாரும் சொல்லலாம், நிறுத்து," என்றாள்.

ஜீவமணி தட்டினான். வட்டத்துக்குள் "சொல்லலா" என்று ஒரு வரியும் "ம்" என்று மறு வரியுமாக வந்து நின்றது. வட்டம் வட்டமாக இருந்தாலும் எழுத்து அதற்குள் ஒரு கண்ணுக்குத் தெரியாத சதுரத்துக்குள்தான் உட்காரும். அந்தச் சதுரம் வட்டத்தைவிடச் சின்னது. சொல் கொள்ளாதபோது நடுவிலேயே வெட்டிவிடும். சைஸைக் குறைத்தான். குறைத்தால் கடைசி பெஞ்சுக்குத் தெரியவில்லை. கூட்டினால் "ம்" விழுந்தது. வெளியே ஒரு கார் வந்து நின்றது. சர்வேயர்.

"அண்ணே, தானா மடிக்கிறதை அணைங்க," என்றாள் செல்வி. "வரியை நம்ம கையால உடைப்போம். வட்டத்துக்கு நடுவுலதான அகலம் அதிகம்? நீளமான சொல்லை நடுவுல வைங்க."

ஜீவமணி அவளைப் பார்த்தான். தட்டினான்.

மேலே "யாரும்". நடுவில், வட்டத்தின் விளிம்பிலிருந்து விளிம்பு வரை, "சொல்லலாம்". கீழே "நிறுத்து!"

கண்டெய்னரின் மறு முனையிலிருந்து அபிலாஷ் கத்தினான். "தெரியுது! அக்கா, தெரியுது!"

சர்வேயர் நரைத்த மனிதர், அதிகம் பேசாதவர். இங்கிலீஷ் பிரதியை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் தேவகனிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தேவகனி சுவரோடு சுவராக ஒட்டினான்.

முதல் ஸ்லைடு வந்தது. யாரும் தலையாட்டவில்லை. வாசித்தார்கள். முன் பெஞ்சில் ஒருவன் முணுமுணுவென்று ஆரம்பித்தான், பின்னால் ரெண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள், மூன்றாவது ஸ்லைடில் கண்டெய்னர் முழுக்க வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தது. "கீழே நிற்காதே!" "ஏலே, இதை உன்கிட்டத்தாம்லே சொல்லுதாங்க, போன வாரம் நீதான நின்ன?" "நீ வாய மூடுலே." சைகை அட்டவணை வந்தபோது ஆளாளுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார்கள். "மெல்ல ஏத்து" என்றதும் ஒருத்தன், பக்கத்தில் இருந்தவனின் ஹெல்மெட்டைத் தூக்கினான். அபிலாஷ் "புரிஞ்சுதா?" என்று கேட்கவே இல்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

சிவப்பு வட்டம் வந்தது.

"யாரும் சொல்லலாம் நிறுத்து," என்று வாசித்துவிட்டுச் சட்டென்று எல்லாரும் நிறுத்தினார்கள்.

"யாருமா?" என்றார் சங்கரலிங்கம். "மேஸ்திரியைக் கேக்காமலா?"

"யாரும்," என்றான் அபிலாஷ். "நோட்ஸ்லயும் அப்படித்தான் இருக்கு. கயிறு பிடிக்கிறவன், லாரிக்காரன், கூட்டிப் பெருக்குறவங்க. யாரு கண்ணுல தப்பு பட்டாலும் நிறுத்துன்னு கத்தலாம். கத்துனவனை யாரும் ஏசக் கூடாது."

"அப்ப காலைல நாங்க போட்டது தப்புதான்," என்றார் மேஸ்திரி. பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களாலே? இனி எவனும் எம் மூஞ்சியைப் பாத்துட்டு நிக்க வேண்டாம்."

பரீட்சைத் தாளைச் சர்வேயரே வாங்கிக்கொண்டார். மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேங் வெளியே நின்றது. செல்வி நகத்தைக் கடித்தாள். ஜீவமணி முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் பாஸ்," என்றார் சர்வேயர். அபிலாஷ் மூச்சை விட்டான். அவர் இங்கிலீஷ் பிரதியை அவனிடம் நீட்டினார். "தமிழ் எனக்குப் பின்னாலேர்ந்து நல்லாத் தெரிஞ்சுது. இந்த இங்கிலீஷைக் கொஞ்சம் இந்த அம்மாகிட்டக் குடுத்துக் குறைச்சு வாங்குங்க. வள வளன்னு இருக்கு."

வெயில் தாழ்வதற்குள் முதல் பிளேடைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். செல்வி கண்டெய்னர் வாசலில் நின்றாள். பக்கத்தில் வாக்கி டாக்கியோடு அபிலாஷ். ரெண்டு கிரேனும் சேர்ந்து இழுக்க, தெரு நீளத்துக்கு ஒரு வெள்ளை உடம்பு மண்ணை விட்டு எழும்பியது. உப்பளத்துக் காற்று வீசியது. நுனியில் தேவகனி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். அடிமுனைப் பக்கம் தள்ளி நின்று சங்கரலிங்கம் கையைத் தூக்கியிருந்தார். மெல்ல ஏத்து. மெல்ல ஏத்து.

"நிறுத்து!"

யார்டு முழுக்கக் கேட்டது. மேஸ்திரி குரல் இல்லை. ரெண்டு கிரேனும் உறைந்தன. பிளேடு அந்தரத்தில் லேசாக நடுங்கி நின்றது.

வாக்கி டாக்கி கரகரத்தது. கிரேன்காரன் குரல். "யாரு சொன்னது? மேஸ்திரி கையக் காட்டலியே?"

"தேவகனி," என்றது இன்னொரு குரல்.

அபிலாஷின் விரல் பட்டனில் இருந்தது, அழுத்தவில்லை. தேவகனி குனிந்து எதையோ காட்டிக்கொண்டிருந்தான். சங்கரலிங்கம் அவனை நோக்கி ஓடினார்.

"கயிறு டிரெய்லர் கொக்கியில மாட்டிருக்கு," என்றார் வாக்கி டாக்கியில் மூச்சு வாங்க. "இன்னும் கொஞ்சம் ஏத்தியிருந்தா நுனியைச் சுண்டி இழுத்து இவனையும் தூக்கி அடிச்சிருக்கும். சரியாச் சொன்னாம்லே. சரியாச் சொன்னான். எடுத்து விட்டாச்சு. இப்ப ஏத்து. மெல்ல ஏத்து."

பிளேடு மேலே போனது. கிரேன்காரன் ஹாரனை அடித்தான், எதற்கென்று தெரியவில்லை, சந்தோஷத்துக்குத்தான் இருக்கும்.

அபிலாஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "அக்கா," என்றான், "காலைல நீங்க அப்புறம் பேசுவோம்னு சொன்னீங்களே. ஏன் தெரியலன்னு சொல்லலன்னு."

"சொல்லுதேன் சார். கண் டாக்டரை இங்கன வரச் சொல்லுங்க. கண்ணாடி குடுங்க. தெரியலன்னு சொல்லுதவனுக்குப் பாஸைப் பிடுங்க மாட்டோம்னு எழுதி ஒட்டுங்க. அப்புறம் பாருங்க, எத்தனை பேர் வாயைத் திறக்காங்கன்னு."

"எழுதுறேன். தமிழ்ல நீங்கதான் போட்டுத் தரணும்."

"எந்தச் சுவத்துல ஒட்டுவீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க. எத்தனை தூரத்துலேர்ந்து பாப்பாங்க?"

அதற்குள் பிளேடை டிரெய்லரில் வைத்துவிட்டு கேங் திரும்பி வந்துகொண்டிருந்தது. தேவகனியை நாலு பேர் தோளில் இடித்துக்கொண்டே வந்தார்கள். அவன் கண்டெய்னர் வாசலில் நின்று, உள்ளே இன்னும் எரிந்துகொண்டிருந்த திரையை எட்டிப் பார்த்தான். சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. பிறகு அபிலாஷைப் பார்த்தான்.

"சார், அந்தக் காலை ஸ்லைடையும் பெரிய எழுத்துல மாத்தியாச்சா?"

"எந்த ஸ்லைடு?"

"பிரியாணி ஸ்லைடு சார்."

ஜீவமணி லேப்டாப்பை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தான்.